பெயர் மாறினால்தான் தரகு

பழைய இருசக்கர வண்டி ஒன்று கைமாறாத நாள் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இருக்காது. மகனுக்குப் புது வண்டி எடுத்ததால் பழையதைக் கொடுக்க நினைப்பவர் ஒரு தெருவில் இருப்பார். வேலைக்குப் போய்வர நாற்பதாயிரத்துக்குள் ஒரு வண்டி தேடுபவர் இரண்டு தெரு தள்ளி இருப்பார். இருவரையும் சேர்த்து வைக்கிறவர் பெரும்பாலும் ஒரு மெக்கானிக்காகவோ, உதிரிபாகக் கடைக்காரராகவோ, ஊரில் நாலு பேரைத் தெரிந்த ஒருவராகவோ இருப்பார். அவருக்கு முதல் தேவையில்லை, கடை தேவையில்லை. ஒரு வண்டிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிடைக்கும். மாதத்துக்கு நாலைந்து வண்டி அமைந்தால் குடும்பச் செலவுக்கு அது நல்ல துணை.

வண்டியும் பணமும் கைமாறியதோடு வேலை முடிந்தது என்று பல தரகர்கள் நினைத்துவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் வரும் சண்டைகளும் வழக்குகளும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆர்.சி. புத்தகத்தில் வாங்கியவரின் பெயர் ஏறும் நாள்தான் வியாபாரம் முடிந்த நாள். அதுவரை தரகு முழுதாகச் சேரவில்லை என்று எண்ணி வேலை செய்கிறவருக்கு இந்தத் தொழில் நிலைக்கும்.

வெற்றுப் படிவம் என்னும் ஆபத்து

பெயர் மாற்றத்துக்கு இரண்டு படிவங்கள் முக்கியம். வண்டியை விற்றுவிட்டேன் என்று விற்பவர் தெரிவிப்பது படிவம் 29. உரிமையை மாற்றித் தரும்படி விண்ணப்பிப்பது படிவம் 30. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நடைமுறையில் நடப்பது வேறு. விற்பவரிடம் இரண்டு படிவத்திலும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்குபவர் பெயரும் தேதியும் காலியாகவே இருக்கும். அந்தத் தாள்கள் வண்டியோடு போகும். வாங்கியவர் ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று ஓட்டுவார். ஆறு மாதம் கழித்து அவரும் வண்டியை இன்னொருவருக்கு விற்பார். அதே வெற்றுப் படிவம் மூன்றாம் கைக்குப் போகும். இடையில் இருப்பவர்களின் பெயர் அரசுப் பதிவேட்டில் எங்குமே வராது.

இதன் விளைவை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தந்த ஒரு தீர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது. அந்த வழக்கில் ஒருவர் தன் காரை 2007இல் விற்றுவிட்டார். கார் பல கை மாறியது. ஆனால் ஆர்.சி.யில் அவர் பெயரே நின்றது. 2009இல் அந்தக் கார் விபத்தில் சிக்கியது. கார் தன்னிடம் இல்லை, விற்று இரண்டு வருடமாகிறது என்று அவர் வாதிட்டார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் சொன்னது. விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலையக் கூடாது என்பது அதற்கான காரணம்.

காருக்குச் சொன்ன இந்தச் சட்டம் இருசக்கர வண்டிக்கும் பொருந்தும். நம்பி வண்டியைக் கொடுத்த ஒரு பெரியவர் தலையில், அவர் பார்த்தேயிராத ஒருவர் செய்த விபத்தின் இழப்பீடு பல லட்சமாக வந்து விழலாம். அந்த வண்டியில் யாராவது நகை பறித்தால் போலீஸ் முதலில் போய் நிற்கிற வாசலும் அவர் வாசல்தான். ஆகவே தரகருக்கான முதல் விதி இதுதான். காலிப் படிவத்தில் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது, வாங்குபவர் பெயரும் முகவரியும் தேதியும் எழுதிய பிறகுதான் வாங்க வேண்டும்.

கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி வந்தவுடன் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் ஆர்.சி.யைக் கேட்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள பெயரும் விற்க வந்தவர் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ‘அண்ணன் வண்டி’, ‘நண்பன் வெளிநாட்டில் இருக்கிறான்’ என்றால், உரிமையாளரே நேரில் வந்து கையெழுத்திடும்வரை அந்த வண்டியைத் தொடக் கூடாது. உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் மகன் நேரடியாக விற்க முடியாது. படிவம் 31 மூலம், வாரிசு ஆவணங்களோடு வண்டியை முதலில் வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் விற்க வேண்டும். அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுத் தருவதாக மகன் சொன்னால், அது போலி ஆவணக் குற்றம். உடனிருக்கும் தரகரும் அதில் பங்காளி ஆகிறார்.

அடுத்தது எண்கள். சேஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள சட்டக் குழாயில் பொறிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் எண் இன்ஜின் அடிப்பகுதி உறையில் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து பதியும். ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றி உரசிய தடமோ, புது பெயின்டோ, எழுத்துகளின் உயரத்தில் வித்தியாசமோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பிறகு கைபேசியில் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பதிவுத் தேதி, ஆர்.சி. எதுவரை செல்லும், காப்பீடு எதுவரை, நிதி நிறுவனத்தின் பெயரில் அடமானம் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். நிலுவை அபராதங்களை `echallan.parivahan.gov.in` தளத்தில் பார்க்கலாம். இருசக்கர வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதை மறக்கக் கூடாது. 14 வருட வண்டியை விற்றுக் கொடுத்தால், அடுத்த வருடம் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் செலவு வாங்குபவருடையது. அதை விலை பேசும்போதே அவரிடம் சொல்ல வேண்டும்.

சந்தையில் நாற்பதாயிரம் போகும் வண்டியை ஒருவர் பதினைந்தாயிரத்துக்குக் கொடுக்கத் துடிக்கிறார், ஆர்.சி. ஊரில் இருக்கிறது என்கிறார் என்றால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கி வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால், அவ்வளவு குறைந்த விலை உங்களுக்குச் சந்தேகம் தரவில்லையா என்பதுதான் அடுத்த கேள்வி.

ஒரு வியாபாரம், தொடக்கம் முதல் முடிவுவரை

ஒரு கற்பனை வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். 2019 மாடல் 100 சிசி வண்டி. விற்பவர் பால் வியாபாரி. வாங்குபவர் மில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். பேசி முடித்த விலை 42,000 ரூபாய். தரகு இரு பக்கமும் ஆயிரம் ரூபாய் என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

ஆர்.சி.யைப் பார்த்தபோது நிதி நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தது. விற்பவர் ‘டியூ எல்லாம் முடிஞ்சுது’ என்றார். நிறுவனத்தில் கணக்கு எடுத்தபோது 6,200 ரூபாய் பாக்கி. ஹெல்மெட் போடாததற்காக ஆயிரம் ரூபாய் அபராதமும் நிலுவையில் இருந்தது. அடுத்தது காப்பீடு. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்கப்பட்டது. ‘அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு’ என்று விற்பவர் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார். 2019இல் எடுத்தது 2024லேயே முடிந்துபோயிருந்தது.

மூன்று பிரச்சினைகளும் தீர்க்கக் கூடியவைதாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வாங்குபவர் 6,200 ரூபாயை விற்பவரிடம் கொடுக்காமல், விற்பவர் முன்னிலையில் நிதி நிறுவனத்தின் கணக்குக்கே நேரடியாகச் செலுத்துகிறார். அதை முன்பணம் என்று ஒரு தாளில் எழுதி, விற்பவர் மனம் மாறினால் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதையும் சேர்த்து இருவரும் கையெழுத்திடுகிறார்கள். கடன் முடிந்ததும் நிறுவனம் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் தரும். இந்தப் படிவம் இல்லாமல் ஆர்.சி.யிலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரை நீக்க முடியாது. ஊரில் இதை ‘ஹெச்.பி. கேன்சல்’ என்பார்கள். இந்தத் தாள் கைக்கு வரச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை வண்டி விற்பவர் வீட்டிலேயே நிற்கட்டும். நல்ல தரகர் இங்கே அவசரப்பட மாட்டார்.

இடையில் விற்பவர் அபராதத்தைக் கட்டிவிடுகிறார். தன் பெயரிலேயே காப்பீட்டையும் புகைச் சான்றையும் புதுப்பிக்கிறார். செல்லுபடியாகும் காப்பீடு இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. காப்பீடு இல்லாத வண்டியைச் சாலையில் எடுப்பதே குற்றம். ஆர்.சி.யோடு இணைந்துள்ள கைபேசி எண் இப்போதும் விற்பவரிடம் இருக்கிறதா என்பதையும் தரகர் கேட்டுவைக்கிறார். பழைய எண் போய்விட்டிருந்தால், இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. வராமல் வேலை நின்றுவிடும்.

வண்டி ஒப்படைக்கும் நாளில் மீதி 35,800 ரூபாய். இதில் 32,800 ரூபாயை வாங்குபவர் விற்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார். 3,000 ரூபாயை, பெயர் மாறியதும் தருவதாக எழுதிக் கொடுத்து, தன்னிடமே வைத்துக்கொள்கிறார். தரகர் இந்தப் பணத்தைத் தன் கையில் வாங்கவே இல்லை. இது மிகப் பெரிய பாதுகாப்பு. அடுத்தவர் பணம் கையில் நின்றால் நாளைக்கு ஒரு தகராறில் நம்பிக்கை மோசடிப் புகார் தன் மேல் வர இடம் இருக்கிறது.

அதே இடத்தில் ஒரு டெலிவரி நோட்டு எழுதப்படுகிறது. வண்டி எண், சேஸ் எண், இன்ஜின் எண், இருவரின் பெயரும் முகவரியும், விலை, பாக்கி, ஒப்படைத்த தேதியோடு நேரமும் அதில் வருகின்றன. அன்று மாலை நான்கு மணிக்கு வண்டி கைமாறியது என்று எழுதியிருந்தால், அன்று காலை விழுந்த அபராதம் யாருடையது என்பதில் சண்டை வராது. முன்சக்கர டயர் தேய்ந்துள்ளது, கிளட்ச் மாற்ற வேண்டியிருக்கிறது என்று தெரிந்த குறைகளும் அதிலேயே எழுதப்படுகின்றன. ஆளுக்கு ஒரு பிரதி, தரகரிடம் ஒன்று. இந்த நோட்டு ஒரு நல்ல சாட்சியம். ஆனால் இது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது.

தரகும் அப்படியே இரண்டு தவணையாக வருகிறது. ஒப்படைக்கும் நாளில் இரு பக்கமும் ஐந்நூறு. செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, புது உரிமையாளரின் விவரம் ஏறியதைப் பார்த்த நாளில் இன்னோர் ஐந்நூறு. வாங்குபவர் பிடித்து வைத்த மூவாயிரமும் அன்றுதான் விற்பவருக்குப் போகிறது. இப்படிச் செய்தால் விற்றவர், தரகர் இருவருமே பெயர் மாற்றத்தை விரட்டிப் பிடிப்பார்கள். இதற்குப் பிறகு வாங்கியவருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காப்பீட்டையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இதற்காகக் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாற்றாவிட்டால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கோ திருட்டுக்கோ இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் மறுத்துவிடலாம்.

மேலே வைக்கும் ஆறாயிரம்

தரகுத் தொழிலில் இரண்டு விதமான வருமானம் உண்டு. ஒன்று, பேசின தரகு. இன்னொன்று, மேலே வைத்து விற்பது. விற்பவரிடம் ‘முப்பத்தாறுக்கு மேல் போகாது’ என்று சொல்லி, வாங்குபவரிடம் நாற்பத்திரண்டு வாங்கி, நடுவில் ஆறாயிரத்தை எடுத்துக்கொள்வது. இருவரையும் ஒருவரையொருவர் சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் ஒரு பகுதி.

பலருக்கு இது சாமர்த்தியமாகத் தோன்றுகிறது. ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைச் சாமர்த்தியமாகப் பார்ப்பதில்லை. ஒருவருக்காகப் பேச ஒப்புக்கொண்டவர் சட்டத்தின் பார்வையில் அவருடைய முகவர். முகவர் தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் தனக்காக வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு என்கிறது 216ஆம் பிரிவு. வேலையில் முறைகேடு செய்த முகவருக்கு, அந்த வேலைக்கான கூலியே கிடையாது என்கிறது 220ஆம் பிரிவு. மறைத்து வைத்த ஆறாயிரமும் போகும், நியாயமாக வர வேண்டிய ஆயிரமும் போகும். விலையைப் பற்றிப் பொய் சொல்லி வாங்கியதால் மோசடிப் புகாருக்கும் வழி திறக்கும்.

விற்பவரே ‘எனக்கு முப்பத்தாறு வந்தால் போதும், மேலே வருவது உனக்கு’ என்று முழுதாகத் தெரிந்து சொன்னால் அது வேறு. அப்போதும் அதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இரு பக்கமும் தரகு வாங்குபவர், இரு பக்கமும் வாங்குகிறேன் என்பதை இருவருக்கும் சொல்லியாக வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் அடுத்த மாதம் கோயில் திருவிழாவில் சந்தித்துப் பேசிக்கொண்டாலும் தரகர் பெயர் கெடாத கணக்காக அது இருக்க வேண்டும். சின்ன ஊரில் அவர்கள் கட்டாயம் சந்திப்பார்கள்.

தரகர் எங்கே நிற்க வேண்டும்

சிலர் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தாங்களே வண்டியை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தி விற்கத் தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் சட்டம் மாறுகிறது. பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர், பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை இணையத்தில் தெரிவித்ததும், அந்த வண்டிக்கான பொறுப்பு அவருடையதாகிவிடும். அந்த வண்டியைச் சோதனை ஓட்டம், பழுதுபார்ப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே எடுக்கலாம், ஓட்டத்துக்குப் பதிவேடும் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் தயாராக இல்லாதவர் இருவரைச் சேர்த்து வைக்கும் வேலையோடு நின்றுகொள்வதே நல்லது. அடுத்தவர் வண்டியை ‘வித்துத் தர்றேன்’ என்று வாங்கி, தன் சொந்த வேலைக்கு ஓட்டுவது கூடவே கூடாது.

எல்லை ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. விழுப்புரம், கடலூர் பக்கம் புதுச்சேரிப் பதிவு வண்டிகளும், ஓசூர் பக்கம் கர்நாடகப் பதிவு வண்டிகளும் விலை மலிவாகக் கிடைக்கும். அந்த மாநில அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரி, மறுபதிவு ஆகியவற்றைக் கூட்டினால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். இந்தக் கணக்கைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்வது பாதி உண்மை.

வண்டியில் பழகியவர்கள் அடுத்து மனைத் தரகில் இறங்க நினைப்பதும் இயல்பு. அங்கே ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவாக வேண்டிய மனைப்பிரிவில் மனை விற்றுக் கொடுப்பவர், தானும் அந்த ஆணையத்தில் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம் ஏறிக்கொண்டே போகும். ஒருவர் தன் ஒற்றை மனையை இன்னொருவருக்கு விற்பதில் இந்தப் பதிவு தேவைப்படாது. ஆனால் வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் அட்வான்ஸ் வாங்கிக் கொடுக்கக் கூடாது. வண்டியில் நேரும் தவறு சில ஆயிரங்களோடு போகலாம். மனையில் நேரும் தவறு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு போகும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்குங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விலை, இரு பக்கத் தரகு, ஒப்படைத்த தேதி, பெயர் மாறிய தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும்வரை அந்த வண்டியின் வேலை உங்கள் தோளில்தான் இருக்கிறது. ஏற்கெனவே விற்றுக் கொடுத்த வண்டிகளில் பெயர் மாறாதவை ஏதேனும் இருந்தால், புது வண்டி பேசப் போவதற்கு முன்னால் அவற்றை முடித்துக் கொடுங்கள். உங்களை நம்பி வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் கடமை அது.